முன்னெழுத்து கடல் கடக்கும்போது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு, என்னிடம் படித்த மாணவி ஒருவர் வெளிநாட்டிலிருந்து அழைத்தார். அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லாமல், முருகேசன் மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். "டீச்சர், இங்க ஆபீஸ்ல எல்லாரும் என்னை 'மிஸ் முருகேசன்'னுதான் கூப்பிடுறாங்க. முதல் நாள் அப்பாவைக் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்த்தேன்" என்று சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய மதிப்பெண் சான்றிதழில் KAVITHA M என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் KAVITHA MURUGESAN என்று இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள்.

சின்ன வேலைதானே என்று சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். தந்தை பெயர் கலத்தில் ஆங்கிலத்தில் MURUGESHAN என்று ஓர் 'எச்' கூடுதலாக இருந்தது. கையெழுத்து என்னுடையது. சேர்க்கை நாளின் அவசரத்தில், காதில் விழுந்ததை எழுதியிருக்கிறேன். பள்ளி தரும் கடிதமே பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. பிறப்புச் சான்றிதழ், தந்தையின் ஆதார், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேர்த்து அனுப்பி முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

நம் வழக்கத்தில் ஒருவருக்கு இருப்பது ஒரே பெயர். முன்னால் வரும் எழுத்து, அவர் யாருடைய பிள்ளை என்று சொல்கிறது. இரண்டு எழுத்து இருந்தால், பெரும்பாலும் முதலாவது ஊர், இரண்டாவது தந்தை. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் பெயரில் 'ஆர்' என்பது ராசிபுரம், 'கே' என்பது தந்தை கிருஷ்ணசாமி. எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 'எம்' மதுரை, 'எஸ்' தாயார் சண்முகவடிவு. தந்தை அல்லது தாய் பெயரின் எழுத்து அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. பிள்ளைக்கு வேறு எழுத்து வரும்.

மேலைநாட்டுப் பதிவுகளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, இட்ட பெயர். மற்றொன்று, தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் Given Name, Surname என்று அதே இரண்டு கட்டங்கள்தாம். அங்கே முன்னெழுத்தை எழுத்தாகவே விடக்கூடாது, விரித்து எழுத வேண்டும். விரித்த பெயரை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நோபல் பரிசு பெற்ற இரு தமிழர்களைப் பாருங்கள். இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சுப்பிரமணியன் என்பது தந்தை பெயர், முன்னால் நிற்கிறது. ஆகவே அமெரிக்காவில் அவருடைய சொந்தப் பெயரான சந்திரசேகரே குடும்பப் பெயர் போல வழங்கியது. அடுத்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவருடைய சொந்தப் பெயர் வெங்கட்ராமன். தந்தை பெயர் பின்னால் நிற்பதால், உலகம் அவரை டாக்டர் ராமகிருஷ்ணன் என்கிறது. முதல் முறையிலும் சிக்கல் உண்டு. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் சொந்தப் பெயர் ஆனந்த். முன்னால் நிற்பதே இட்ட பெயர் என்று எடுத்துக்கொண்ட வெளிநாட்டார், தந்தை பெயரைச் சுருக்கி அவரை 'விஷி' ஆக்கிவிட்டார்கள்.

எதற்கு வம்பு என்று குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவோரும் உண்டு. நம் பாஸ்போர்ட்டில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். இட்ட பெயரின் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக FNU என்ற மூன்று எழுத்து வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது.

எல்லா நாடுகளும் இப்படி இல்லை. மலேசியாவில் தமிழர் பெயர்களுக்கு நடுவே 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கமாக a/l, a/p என்று எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் s/o, d/o. அங்கே தந்தை பெயர் தந்தை பெயராகவே இருக்கிறது.

மீண்டும் கவிதாவிடம் வருவோம். அவருடைய கணவர் ராஜுவின் மகன் செல்வம். பாஸ்போர்ட்டில் செல்வம் ராஜு. அமெரிக்கா போன்ற ஒரு நாட்டில் இவர்களுக்கு நிலா என்று ஒரு மகள் பிறக்கிறாள் என்று கொள்வோம். நம் வழக்கப்படி அவள் நிலா செல்வம். அப்போது தாய் முருகேசன், தந்தை ராஜு, மகள் செல்வம் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். தாயும் மகளும் மட்டும் பயணம் செய்தால், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருப்பது நல்லது. அந்நாட்டு வழக்கப்படி நிலா ராஜு என்று எழுதினால், தாத்தா பெயர் பேத்திக்கு வரும். அவளுக்குப் பிறகும் அது தொடர்ந்தால், பார்த்தேயிராத ஒருவரின் பெயர் ஒரு வம்சத்தின் பெயராகிவிடும். இது சரி, அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கவிதா வீட்டில் இது முடிவாக மூன்று மாதம் ஆனதாம். "எங்க அப்பா பேரு என் பிள்ளைக்கு எந்தக் கணக்குலயும் வராதா டீச்சர்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் கையில் இருப்பது எது? முன்னெழுத்தாக இருக்கும்வரை எழுத்துப்பிழை தெரியாது. 'எஸ்' எப்படியும் 'எஸ்'தான். அதுவே குடும்பப் பெயராகும்போது, அண்ணன் SHANMUGAM, தங்கை SANMUGAM என்று இருந்தால், கணினிக்கு இருவரும் வேறு குடும்பம். தமிழில் 'ச' என்று எழுதும் முன்னெழுத்து, ஆங்கிலத்தில் சண்முகத்துக்கு 'எஸ்', சந்திரனுக்கு 'சி'. தமிழ் எழுத்தை மட்டும் வைத்து ஊகிக்க முடியாது.

ஆகவே இப்போது நான் செய்வது இவ்வளவுதான். சேர்க்கையின்போது தந்தை, தாய் பெயர்களைக் காதால் கேட்டு எழுதுவதில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுகிறேன். இரண்டிலும் வேறுபட்டிருந்தால், எதைத் திருத்தப் போகிறார்கள் என்று அப்போதே கேட்டுவிடுகிறேன். அக்காவோ அண்ணனோ நம் பள்ளியில் படித்தால், அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிறேன். எமிஸ் பதிவிலும் அதே எழுத்துகள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் கையொப்பம் வாங்கும்முன், பெயரையும் முன்னெழுத்தையும் பெற்றோரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். அங்கே திருத்துவதற்கு ஒரு பேனா போதும். சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்கு விண்ணப்பம், ஆவணங்கள், பல மாதக் காத்திருப்பு எல்லாம் வேண்டும்.

என் பதிவேட்டில் இருந்த அந்தக் கூடுதல் 'எச்' கவிதாவுக்கு ஆறு வாரத்தைத் தின்றது. உங்கள் பதிவேட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று, இந்த ஆண்டுப் பெயர்ப் பட்டியல் போகும்முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.