ரோபோ வண்டிக்கு அடித்தட்டு



தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு தானே ஓடும் சிறு ரோபோ வண்டியை உங்கள் பிள்ளைகள் பள்ளியில் செய்திருக்கலாம். அதன் மோட்டாரும் பேட்டரியும் உட்காரும் அடித்தட்டை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்துகொள்ளலாம். முறுக்குப் பிழிவதுபோல, உருகிய பிளாஸ்டிக்கை 0.2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காகப் பிழிந்து பொருளை எழுப்பும் இயந்திரம் அது.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு நாங்களும் இப்படி ஒரு தட்டுச் செய்தோம். முதல் தட்டு பிளந்தது. இரண்டாவது வெயிலில் வளைந்தது. மூன்றாவதுதான் ஓடியது.

வளைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். அதைப் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருந்தோம். விலை குறைவு, அச்சிடுவதும் எளிது. ஆனால் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அது இளகத் தொடங்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் நண்பகல் வெயிலில் வண்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், தட்டு வாடிய வாழையிலைபோல் தொய்ந்து கிடந்தது. அதனால் அடுத்த முறை பி.இ.டி.ஜி. எடுத்தோம். அது 80 பாகை வரை ஓரளவு தாங்கும். நம் ஊர் ஈரக்காற்றை அது உறிஞ்சிக்கொள்வதுதான் தொல்லை. அச்சிடும்போது முனையில் பொரிகிற சத்தம் கேட்டாலோ, நூலாம்படைபோல் இழைகள் தொங்கினாலோ, சுருள் ஈரமாகிவிட்டது என்று பொருள். மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்களோடு போட்டு வைக்க வேண்டும்.

உள்ளே முழுவதும் பிளாஸ்டிக்கை நிரப்பினால்தான் தட்டு உறுதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், பலமெல்லாம் சுவரில். இங்கும் அப்படித்தான். வெளிச்சுவரை நான்கு இழை அகலத்துக்கு வைத்து, உள்ளே தேன்கூடுபோல் நூற்றுக்கு 25 பங்கு நிரப்பினால் இந்த வண்டிக்குப் போதும். திருகாணித் துளையைச் சுற்றியும் அதே நான்கு இழைச் சுவர் வந்துவிடும். சுவர் மெலிந்திருந்தால், திருகாணியை முறுக்கும்போது தலைக்குக் கீழே தட்டு அமுங்கிப் பள்ளம் விழும்.

துளைகளில்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம். கணினியில் 3 மில்லிமீட்டர் என்று வரைந்த துளை, அச்சில் அதைவிடச் சிறுத்தே வந்தது. வளைவில் திரும்பும்போது உருகிய இழை உட்பக்கமாக இழுபடுகிறது. ஆறும்போது சற்றுச் சுருங்கவும் செய்கிறது. ஆகவே 3 மில்லிமீட்டர் திருகாணி தடையின்றி நுழைய 3.3 என்று வரைந்தோம். முதல் அடுக்கு நசுங்கித் துளையின் வாயை அடைப்பதால், அடிவிளிம்பை அரை மில்லிமீட்டர் சரித்தும் விட்டோம்.

இனி பேரிங். சறுக்குப் பலகைச் சக்கரத்தில் இருக்கும் 608 என்னும் வகை அது. வெளிவட்டம் 22, உள்துளை 8, தடிப்பு 7 மில்லிமீட்டர். முதல் தட்டில் பேரிங் உட்காரும் தாங்கியைத் தட்டோடு ஒன்றாக, நிமிர்ந்து நிற்கும்படி அச்சிட்டோம். துளை சரியாக 22. பேரிங் நுழையவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினோம். அடுக்கி வைத்த ரப்பர்த் தகடுகள் பிரிவதுபோல் தாங்கி அடுக்கோடு அடுக்காகப் பிளந்தது. இரண்டாவதில் 22.5 வைத்தோம். பேரிங் ஆடியது, சக்கரம் சாய்ந்தது, வண்டி கோட்டை விட்டு விலகியது.

மூன்றாம் முறை தாங்கியைத் தனியாக, படுக்க வைத்து அச்சிட்டுத் தட்டோடு திருகாணியால் பூட்ட முடிவு செய்தோம். அப்போது அடுக்குகள் துளையைச் சுற்றி முழு வளையங்களாக ஓடும், எளிதில் பிளக்காது. அதற்கும் முன்பாக, 5 மில்லிமீட்டர் உயரத்தில் 22.1, 22.2, 22.3 என மூன்று வளையங்களை அதே பிளாஸ்டிக்கில், அதே அமைப்பில் அச்சிட்டுப் பார்த்தோம். முதலாவதில் பேரிங் நுழைந்தது. ஆனால் உள்வளையத்தை விரலால் சுழற்றினால் கரகரவென்று தடைப்பட்டது. வெளிவட்டம் நெருக்கப்படுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்றாவதில் தலைகீழாகப் பிடித்ததும் விழுந்துவிட்டது. 22.2 வளையத்தில் கட்டைவிரலால் அழுத்த உட்கார்ந்தது, தாராளமாகச் சுழன்றது. இது எங்கள் இயந்திரத்தின் கணக்கு. வேறோர் இயந்திரத்தில் 22.1 சரியாக இருக்கலாம். அதனால் உங்கள் பிள்ளைகளும் வளையம் அச்சிட்டே பார்க்கட்டும்.

பேரிங்கை அழுத்தும்போது வெளிவட்டத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் உள்ளிருக்கும் குண்டுகள் பழுதாகும். ஒரு பழைய குழாய்த் துண்டை வெளிவட்டத்தின் மேல் வைத்து, மேசைப் பிடியில் மெதுவாக நெருக்கினோம். இரண்டு தாங்கிகளிலும் பேரிங் நேராக உட்கார்ந்தது. அன்று மாலை வண்டி கோட்டை விடாமல் ஓடியது.