ஓட்டல் பில்லும் நால்வர் பங்கும்

நண்பர் நால்வர் சேர்ந்து ஓட்டலில் உண்கிறார்கள். ஒருவர் குறைவாக உண்கிறார். மற்றொருவர் நிறைவாக உண்கிறார். பில் வந்ததும், "நாலாகப் பிரித்துவிடலாம்" என்று யாரேனும் ஒருவர் சொல்கிறார். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் நிறைவாக உண்டவராகவே இருப்பார். குறைவாக உண்டவரோ, கணக்குப் பார்ப்பவன் என்ற பெயர் தமக்கு வரக்கூடாதே என்று எண்ணி வாய் திறவாமல் இருந்துவிடுவார். அவர் பேசத் தேவையில்லாமலே நியாயம் கிடைக்க ஓர் எளிய கணக்கு உண்டு. அதனையே இன்று கூற விரும்புகிறேன்.

சமமாகப் பிரிப்பதில் உள்ள குறை ஒருவருக்கு நேரும் நட்டம் மட்டுமன்று. அது அனைவருடைய செலவையும் உயர்த்திவிடுகிறது. இஸ்ரேல் நாட்டில் ஆறு ஆறு பேராக ஓட்டலுக்கு அழைத்துச் சென்று இதனைச் சோதித்துப் பார்த்தனர். அச்சோதனையின் முடிவு 2004-ஆம் ஆண்டு ஒரு பொருளாதார இதழில் வெளிவந்தது. அவரவர் உண்டதற்கு அவரவரே பணம் தரவேண்டும் என்றபோது ஒருவரின் செலவு சராசரியாக ஏறத்தாழ 37 ஷேக்கலாக இருந்தது. சமமாகப் பிரிப்பது என்றபோது அது ஏறத்தாழ 51 ஷேக்கலாக உயர்ந்தது. கூடுதலாக வாங்கும் பண்டத்தின் விலையில் ஆறில் ஒரு பங்கே தம்மைச் சாரும் என்று அறிந்தவுடன் ஒவ்வொருவர் கையும் சற்றுத் தாராளமாகிவிடுகிறது. ஆகவே பங்கிடும் முறையை உணவுக்குச் சொல்லுமுன்பே பேசி முடிவு செய்துகொள்வது நலம்.

இனி, பில் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். முதலில் பண்டங்களின் விலை. அதன்மேல் சில ஓட்டல்களில் சேவைக் கட்டணம். இவ்விரண்டும் சேர்ந்த தொகையின்மேல் சரக்கு சேவை வரி. சாதாரண ஓட்டல்களில் இவ்வரி நூற்றுக்கு 5 ஆகும். பில்லில் மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று இரு வரிகளில் அது காணப்படும்.

டில்லியில் ஓர் ஓட்டலுக்குச் சென்ற நால்வரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எழுத்தர் ரொட்டியும் பருப்பும் உண்டார். விலை 200 ரூபாய். ஆசிரியர் காய்கறிப் புலவு உண்டார்; 260 ரூபாய். மருத்துவர் நாணும் கோழிக்கறியும் உண்டார், 480 ரூபாய். வழக்கறிஞர் ஆட்டிறைச்சிப் பிரியாணியும் குல்ஃபியும் உண்டார், 660 ரூபாய். இவையன்றி, நால்வரும் பகிர்ந்துண்ட பனீர் டிக்கா 400 ரூபாய். ஆக, பண்டங்களின் விலை 2,000 ரூபாய். சேவைக் கட்டணம் நூற்றுக்குப் 10 வீதம் 200 ரூபாய்; தொகை 2,200 ஆயிற்று. அதற்கு வரி 110 ரூபாய். கட்டவேண்டியது 2,310 ரூபாய்.

இங்கே 10-ஐயும் 5-ஐயும் கூட்டி, நூற்றுக்கு 15 என்று கொள்வது பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் 2,300 ரூபாய்தான் சேரும். சேவைக் கட்டணத்தின் மேலும் வரி விழுவதால் 10 ரூபாய் குறையும். அக்குறை பில் கட்டுபவர் தலையில் விழும்.

சரியான வழி இதுதான். கட்டவேண்டிய 2,310-ஐப் பண்டங்களின் விலையாகிய 2,000-ஆல் வகுத்தால் 1.155 வருகிறது. அதாவது விலைப்பட்டியலில் ஒரு ரூபாயாக இருப்பது, பில்லில் ஒரு ரூபாய் பதினைந்தரைக் காசாகிவிட்டது என்பது பொருள். பனீரில் ஆளுக்கு 100 ரூபாயைச் சேர்த்துக்கொண்டால், எழுத்தரின் விலை 300, ஆசிரியருடையது 360, மருத்துவருடையது 580, வழக்கறிஞருடையது 760. ஒவ்வொன்றையும் 1.155-ஆல் பெருக்கினால் முறையே 346.50, 415.80, 669.90, 877.80 ரூபாய் வரும். நான்கையும் கூட்டிப் பாருங்கள். 2,310 சரியாக வரும். கூட்டுத்தொகை பில்லோடு ஒத்துவராவிட்டால், ஏதோ ஒரு பண்டம் யார் பெயரிலும் எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று அறியலாம்.

சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 577.50 ரூபாய். எழுத்தர் தம் பங்குக்கு மேல் 231 ரூபாய் கொடுத்திருப்பார். "விலையை அவரவர் கொடுப்போம், வரியையும் கட்டணத்தையும் மட்டும் சமமாகப் பிரிப்போம்" என்பாரும் உண்டு. அதிலும் எழுத்தர் 377.50 ரூபாய் தரவேண்டியிருக்கும். 31 ரூபாய் மிகை. வரி விலையைப் பின்பற்றி ஏறுவது. ஆட்களின் எண்ணிக்கையைப் பின்பற்றி ஏறுவதன்று. ஆகவே அதனையும் விலையின் விகிதப்படியே பிரிக்கவேண்டும். ஓட்டல்காரர் மொத்த பில்லில் தள்ளுபடி கொடுத்தாலும் இதே வகுத்தல் போதும். கடைசித் தொகையைப் பட்டியல் விலையால் வகுக்கவேண்டியதே.

பகிர்ந்துண்ட பண்டத்தை உண்டவர்களுக்குள் மட்டுமே பிரிக்கவேண்டும். பகிர்ந்தது இறைச்சியாக இருந்து, எழுத்தர் சைவராக இருந்தால், 400 ரூபாய் மூவரையே சாரும்.

பங்கிடத் தொடங்குமுன் சேவைக் கட்டணத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டும். இது அரசாங்கத்தின் வரியன்று. இதனைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்றும், உணவின் விலையோடு கூட்டி அதன்மேல் வரி விதிக்கக்கூடாது என்றும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்நெறிமுறை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் பில்லில் அது தென்பட்டால், நீக்கித் தருமாறு கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். மேற்சொன்ன பில்லில் அதனை நீக்கினால் கட்டவேண்டியது 2,100 ரூபாயாகும். கட்டணம் 200 ரூபாயோடு, அதன்மேல் விழுந்த வரி 10 ரூபாயும் குறைகிறது. அப்போது பட்டியல் விலையின் ஒரு ரூபாய், ஒரு ரூபாய் ஐந்து காசு ஆகும். எழுத்தரின் பங்கு 315 ரூபாய். பரிமாறியவருக்கு மனமுவந்து இனாம் கொடுப்பது வேறு. அதனை இக்கணக்கில் சேர்க்காமல் அவரவர் விருப்பப்படி கொடுக்கலாம்.

இந்த ஒற்றை வகுத்தல் எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே வரி உள்ளபோதுதான் பொருந்தும். மதுபானம் சரக்கு சேவை வரியின் எல்லைக்குள் வருவதில்லை. அதற்கு மாநிலத்தின் தனி வரி உண்டு. நால்வரில் ஒருவர் மது அருந்தியிருந்தால், உணவுக்கு ஒரு கணக்கும் மதுவுக்கு ஒரு கணக்குமாகப் பிரித்து, இரண்டாவதை அவரிடமே விட்டுவிடவேண்டும். இல்லையேல் அருந்தாதவர் அருந்தியவரின் வரியைச் சுமப்பார்.

இவ்வளவு நுணுக்கம் எப்போதும் வேண்டுமா எனலாம். நால்வரும் ஏறத்தாழ ஒரே விலைக்கு உண்டிருந்தால் சமமாகப் பிரிப்பதே எளிது. வேறுபாடு பெரிதாக இருக்கும்போதுதான் வகுத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் அந்தப் பேச்சை எழுத்தர் எடுக்கும்படி விடலாகாது. பிரியாணி உண்ட வழக்கறிஞரே பில்லைக் கையில் வாங்கி, "என் பங்கு 878 ரூபாய்" என்று முதலில் சொல்லிவிட்டால், மற்ற மூவருக்கும் கணக்கு எளிதாகிவிடும். சங்கடமும் எவருக்கும் இராது.