மின்தடை வேளையில் ட்ரிப் சுவிட்ச் விழுமா?

2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்ட அந்தக் காலத்துக்குப் பிறகு, ஹட்டனிலும் டிக்கோயாவிலும் கடை, விடுதி, வீடு என்று பல இடங்களில் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் சுவரில் ஏறிவிட்டன. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பவர்கள் பலர்; கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரின் பேக்கப் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம்.

மின்சார சபைக் கம்பியில் வரும் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரடியில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டு எர்த் பெரும்பாலும் வாசலோரத்தில் நாம் அடித்த கம்பியிலிருந்து தனியே வருகிறது. ஆகவே ஒரு கேத்தலின் உடலில் லைவ் பட்டால், அந்தக் கசிவு மண் வழியே டிரான்ஸ்ஃபார்மரை அடைந்து தன் சுற்றை முடித்துக்கொள்ளும். போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பவில்லை என்பதை உணர்ந்து 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும். ஆனால் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர், லைனில் வேலை செய்பவர்களின் உயிரைக் கருதி, லைவ், நியூட்ரல் இரண்டையுமே வெளிக்கம்பியிலிருந்து துண்டித்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணம் முதல் பேக்கப் நியூட்ரலுக்கு நிலத்தோடு சம்பந்தமே இல்லை. அப்போது கேத்தலில் லைவ் பட்டாலும் கசிவு திரும்ப வழியில்லாததால் ட்ரிப் விழாது. பழுது சத்தமின்றிக் கிடக்கும். அதற்குப்பின் நியூட்ரல்தானே என்று நம்பித் தொடும் கம்பியே 230 வோல்ட் ஆகிவிடும்.

இதற்குப் பரிகாரம், மின்தடை வேளையில் மட்டும் பேக்கப் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, கரண்ட் திரும்பியதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று. சில இன்வெர்ட்டர்களில் அது உள்ளேயே உண்டு. இல்லாதவற்றுக்கு வெளியே பொருத்த வேண்டும்.

"மட்டும்" என்ற அச்சொல்லை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதை, டிக்கோயாப் பக்கத்து விடுதியொன்றில் நான் பார்த்த ஒரு காரியத்தால் விளக்குகிறேன். அங்கே மழைக்காலத்தில் கேத்தலைப் போட்டால் வாசலிலுள்ள பிரதான ட்ரிப் விழும். தை, மாசி வெயிலில் விழாது. சுவரில் ஈரம் ஏறிவிட்டதென்று கருதி, ட்ரிப் சுவிட்சையும் மாற்றியிருந்தார்கள். பேக்கப் பெட்டியைத் திறந்தபோது, நியூட்ரல் பாரிலிருந்து எர்த் பாருக்கு நிரந்தரமாக ஒரு துண்டுக் கம்பி போடப்பட்டிருந்தது. கேத்தல் ஓடும்போது நீண்ட சர்வீஸ் வயரில் ஏற்படும் வோல்ட்டேஜ் இறக்கத்தால், நியூட்ரல் நிலத்தைவிட ஏறக்குறைய 4 வோல்ட் உயர்ந்து நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட பாறை மண்ணில் எர்த்தின் தடை 400 ஓம் என்றால், அந்தத் துண்டுக் கம்பி வழியே 10 மில்லி ஆம்பியர்தான் மண்ணுக்குள் இறங்கும். மழையில் நனைந்து 100 ஓமாகக் குறைந்தாலோ, அதுவே 40 ஆகும். ட்ரிப் சுவிட்ச் தன் கடமையைத்தான் செய்தது. கம்பியைக் கழற்றி ரிலேயைப் பொருத்திய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

நேயர்களே, இதைவிட மறைவான பிழையொன்று உண்டு. ரிலே இருக்கும்; ஆனால் பேக்கப் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், அதாவது இன்வெர்ட்டர் பக்கத்தில், இருக்க வேண்டிய அந்த இணைப்பு, அதற்குப் பின்னால் கொடுக்கப்பட்டிருக்கும். அப்போது கசிவு கரண்ட் எர்த் வழியாக நியூட்ரலை அடைந்து, ட்ரிப் சுவிட்சினூடாகவே சமமாகத் திரும்பிவிடுவதால், அது எதையும் அறியாது. "டெஸ்ட் பொத்தானை அமுக்கினோம், விழுந்ததே" என்பார்கள். அந்தப் பொத்தான் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் தன்னுள்ளேயே ஒரு சிறு கரண்டை ஓட்டுவது. எர்த் இணைப்பே இல்லாத வீட்டிலும் ட்ரிப் விழும். அது சுவிட்சின் ஆரோக்கியத்துக்குச் சாட்சியே தவிர, இணைப்புக்குச் சாட்சியன்று.

உண்மையை அறிய, மெயினை நிறுத்திவிட்டுப் பேக்கப் பிளக்கில் டிஜிட்டல் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். லைவுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய பூஜ்யமும் காட்டினால் இணைப்பு இருக்கிறது. இரண்டிலும் நூறு, நூற்றுப்பத்து என்று காட்டினால் நியூட்ரல் அந்தரத்தில் நிற்கிறது. இணைப்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை, லைவிலிருந்து எர்த்துக்கே கரண்டைக் கசியவிடும் ட்ரிப் டெஸ்டர்தான் சொல்லும். கரண்ட் வந்தபின் ரிலே பிரிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் தேர்ந்த மின்தொழிலாளி செய்ய வேண்டிய வேலை; வீட்டுக்காரர் கையை விடக்கூடாது.

நேரம் நெருங்கிவிட்டது. மெயின் நியூட்ரலையும் பேக்கப் நியூட்ரலையும் ஒரே பாரில் கட்டுகிற பிழையை விரித்துப் பேச இயலவில்லை. அவற்றுக்குத் தனித்தனி பார் வேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன். இணைப்பு மின்தடையில் மட்டும், ட்ரிப்புக்கு முன்னால், ஒரே ஓர் இடத்தில் என்ற மூன்றையும், பெட்டியைப் பூட்டிப் பணம் வாங்குமுன் உங்கள் மின்தொழிலாளி மெயினை நிறுத்தி உங்கள் கண்முன்னே காட்டிவிட்டுப் போவார் என்று நம்புகிறேன்.