அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை

(மதுரை செல்லூரில், குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கான ஒருநாள் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சற்று முன்பு உங்களுக்கு மூன்று துண்டுப் படங்களைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றையும் பார்த்து, அதில் வரும் இளைஞர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். சீட்டுகள் கையில் இருக்கின்றன. முதல் துண்டில் அவர் முகம், அடுத்து ஒரு தட்டு பரோட்டா, மறுபடியும் முகம். பலர் ‘பசி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில் அவர் முகம், மாலை போட்ட ஒரு மூதாட்டியின் புகைப்படம், மறுபடியும் முகம். ‘துக்கம்’, ‘அப்பத்தாவை நினைக்கிறார்’ என்று வந்திருக்கிறது. சிலர் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பிறகு அவற்றுக்கு வருவோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றிலும் வருவது ஒரே டேக். தோழரிடம், ‘எதையும் நினைக்காதீர்கள், கேமராவுக்குச் சற்றுப் பக்கத்தில் அந்தச் சுவரைப் பாருங்கள்’ என்று சொல்லி எடுத்தது. பரோட்டாவும் இல்லை, புகைப்படமும் இல்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலேஷோவ் என்ற இளம் இயக்குநர் செய்தது. புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். புதிதாகப் படம் எடுக்க பிலிம் சுருள் கிடைக்காது. அதனால் அவரும் மாணவர்களும் பழைய படங்களை வெட்டி ஒட்டிச் சோதனை செய்தார்கள். ஜார் காலத்துப் பெரிய நட்சத்திரமான இவான் மொஸ்ஜுகினின், உணர்ச்சி எதுவும் காட்டாத அண்மைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதோடு ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் குழந்தை என்று தனித்தனியாக ஒட்டிக் காட்டினார்கள். சூப்பைப் பார்த்து யோசிக்கிறார், இறந்தவளைப் பார்த்து உருகுகிறார், குழந்தையைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறார் என்று பார்வையாளர்கள் அவருடைய நடிப்பைப் புகழ்ந்தார்களாம். அவருடன் இருந்த புதோவ்கின் பின்னாளில் சொன்ன கணக்கு இது.

‘சொன்ன கணக்கு’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்துண்டு இன்று இல்லை. எந்தெந்தக் காட்சிகளை ஒட்டினார்கள் என்பதில் குலேஷோவ் சொல்வதும் புதோவ்கின் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. 1992இல் ஸ்டீபன் பிரின்ஸ், வேய்ன் ஹென்ஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலோர், ‘அந்த முகத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை’ என்றே சொல்லிவிட்டார்கள். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதிய தோழர்களுக்கு நல்ல துணை இருக்கிறது. 2016இல் டென்மார்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் மேலும் கவனமாகச் செய்தபோது விளைவு தென்பட்டது. ஆனால் கதைகளில் சொல்வதுபோல எல்லோரும் மயங்கி விழும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் எப்போது இது வேலை செய்கிறது? முதலில் முகம் நிஜமாகவே வெறுமையாக இருக்க வேண்டும். லேசான சிரிப்பு இருந்தால்கூட அந்தச் சிரிப்புதான் பேசும், பக்கத்துக் காட்சி தோற்றுப்போகும். அடுத்தது பார்வை. கண் லென்ஸுக்குச் சற்று விலகி இருந்தால், ‘எதைப் பார்க்கிறார்?’ என்ற கேள்வி நமக்குள் எழுகிறது. அடுத்து வரும் காட்சியை அதற்கான பதிலாக எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவது, மறுபடியும் முகத்துக்குத் திரும்புவது. கேள்வி எழுவது முதல் முகத்தில், உணர்ச்சியை நாம் வைப்பது இரண்டாவது முகத்தில். அதனால்தான் முகம், பொருள், முகம் என்று மூன்றாகக் காட்டினேன். வெளிச்சமும் பொருந்த வேண்டும். முகத்தில் மாலை வெயிலும் பரோட்டாவில் டியூப் லைட்டும் விழுந்தால், இரண்டும் ஒரே இடம் என்று மனம் நம்பாது.

இனி மூன்றாவது துண்டுக்கு வருகிறேன். இன்று நான் இங்கே வந்ததே அதற்காகத்தான். அதே முகம், நடுவில் கண்ணாடி உடைந்து நிற்கும் ஒரு பேருந்து, மறுபடியும் முகம். இதற்கு வந்த சீட்டுகளைப் படிக்கிறேன். ‘கோபம்.’ ‘மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்.’ ‘செய்துவிட்டு வேடிக்கை பார்க்கிறான்.’

கடைசிச் சீட்டைக் கவனியுங்கள். கண்ணாடியை யார் உடைத்தார் என்று படத்தில் எங்கேயும் இல்லை. உணர்ச்சியோடு சேர்த்து ஒரு குற்றத்தையும் நாம் வைத்துவிட்டோம். அவர் மரியாதையும் போய் ‘அவன்’ ஆகிவிட்டார்.

பிறகு நான்காவதாக ஒன்று காட்டினேன். அதே தோழர், அதே சுவர், அதே வெறும் பார்வை. சட்டை மட்டும் வேறு. முதல் மூன்றில் சாயம் போன டீ சர்ட். இதில் தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கழுத்தில் அடையாள அட்டை. அதே பேருந்து. ‘விசாரிக்க வந்த அதிகாரி’, ‘வருத்தப்படுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் சாதிக்கு எதிரானவர்கள்தாம். நம் கையெழுத்தில்தான் இது வந்திருக்கிறது.

பசியும் சாவும் எல்லோருக்கும் பொது. அதனால் சூப்புக்கும் சவப்பெட்டிக்கும் பெரும்பாலோர் ஒரே விடையைச் சொல்லிவிடுவார்கள். உடைந்த கண்ணாடி அப்படி அல்ல. அதற்கும் ஒரு முகத்துக்கும் என்ன உறவு என்பதை நாம் வளர்ந்த தெருவும், பார்த்த படமும், படித்த செய்தியும் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. எடிட்டர் இரண்டு ஷாட்டை மட்டும் கொடுக்கிறார். நடுவில் இருக்கும் வாக்கியத்தை நாம் எழுதுகிறோம். ஒரு ஊரில் கலவரம் என்று செய்தி ஓடும்போது, எரியும் வண்டிக்கு அடுத்து ஒரு குடியிருப்பின் பெயர்ப்பலகையும் அங்கே டீக்கடையில் சும்மா நிற்கும் பையன்களும் காட்டப்பட்டால், அறிவிப்பாளர் பொய் சொல்லவே தேவையில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் ஒரு தெருவையே குற்றவாளி ஆக்கிவிடலாம்.

இதே கருவி நம் பக்கத்திலும் பயன்பட்டிருக்கிறது. பா. இரஞ்சித்தின் ‘காலா’, 2018. இறுதிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஹரி தாதாவின் வீட்டில் இராமாயணக் கதை நடக்கிறது, இராவண வதம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் தாராவியில் காலாவின் வீடு தாக்கப்படுகிறது. இரண்டும் மாறி மாறி வருகின்றன. இராமன் நல்லவன், இராவணன் கெட்டவன் என்ற பழைய வாக்கியம் நம் தலைக்குள் தயாராக இருக்கிறது. பாராயணத்தின் சொற்களும் அதையே சொல்கின்றன. ஆனால் அந்தச் சொல்லோடு வரும் பிம்பம் காலாவினுடையது. அவர் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நாம் உட்கார்ந்திருக்கிறோம். அவர் மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் சிரித்திருக்கிறோம். அதனால் வதம் என்ற சொல் கொலை என்று காதில் விழுகிறது. அந்த இரண்டு இடங்களை மட்டும் தனியாக வெட்டி, படத்தையே பார்க்காத ஒருவருக்குக் காட்டினால் இந்தத் திருப்பம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குலேஷோவின் சோதனைக்கு உள்ள எல்லையும் இதுதான். பக்கத்தில் வைப்பது மட்டும் பொருளைத் தருவதில்லை, அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதும் சேர்ந்துதான் தருகிறது.

வெட்டாமல் விடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்றி’, 2013. பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் நடக்கிறது. பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் சாவித்ரிபாய் புலேவும் ஓவியங்களாக இருக்கிறார்கள். பன்றி ஒரு ஷாட், அம்பேத்கர் ஒரு ஷாட் என்று வெட்டிக் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது இயக்குநரின் கருத்தாக மட்டும் இருந்திருக்கும், ‘நீதான் ஒட்டினாய்’ என்று ஒருவர் சொல்லிவிட முடியும். ஒரே சட்டகத்துக்குள் இரண்டும் இருக்கும்போது, அந்த ஊரில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன என்பதை மறுக்க வழியில்லை. அதுவும் திட்டமிட்டு எடுத்த காட்சிதான். ஆனாலும் பார்வையாளர் அதைக் கருத்தாக எடுத்துக்கொள்ளாமல் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்.

இந்த வேறுபாடு நம் செல்போன் காணொளிகளுக்கு மிக முக்கியம். ஒரு வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறீர்கள். தாய் அழுகிறார், அதைப் பதிவு செய்கிறீர்கள். வேறொரு நேரத்தில் அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கோ பார்ப்பதும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒட்டினால், அழும் தாயைக் கல்போலப் பார்க்கும் அதிகாரி கிடைத்துவிடுவார். லைக் குவியும். மறுநாள் ஒருவர் முழுப் பதிவையும் வெளியிட்டு, ‘அவர் அப்போது அங்கேயே இல்லை’ என்று காட்டிவிட்டால், அந்தத் தாயின் உண்மையான கண்ணீரும் பொய்யாகிவிடும். அந்தச் சேதம் எடிட்டருக்கு அல்ல, அந்தக் குடும்பத்துக்கு. அவர் நிஜமாகவே முகம் திருப்பினார் என்றால், அவரும் தாயும் ஒரே சட்டகத்தில் இருக்கும் பதிவை வெட்டாமல் போடுங்கள். அது இல்லையென்றால், அவர் என்ன உத்தரவு போட்டார், எதைப் போடவில்லை என்பதைச் சொல்லுங்கள். எடுத்த மூலக் கோப்பை அழிக்காமல், பெயர்கூட மாற்றாமல் வையுங்கள். வழக்கில் நிற்கப்போவது அதுதான், நீங்கள் இசை போட்டு வெளியிட்ட துண்டு அல்ல.

பிறர் காணொளியைப் பார்க்கும்போதும் இதே கேள்விதான். பார்ப்பவரும் பார்க்கப்படும் பொருளும் சேர்ந்து இருக்கும் ஒரு ஷாட்டாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முகத்தில் விழும் நிழலையும் பொருளில் விழும் நிழலையும் ஒப்பிடுங்கள். ஒலியை மட்டும் கண்ணை மூடிக் கேளுங்கள். முகத்துக்கு வெட்டும்போது பின்னணியில் வண்டிச் சத்தமோ காற்றோ சட்டென்று மாறினால் அது வேறு இடம், வேறு நேரம். எல்லாவற்றின் மேலும் ஒரே இசை ஓடினால், அந்த மாற்றத்தை மறைக்கத்தான் இசையோ என்று சந்தேகப்படுங்கள். கடைசியாக நடுவில் இருக்கும் காட்சியைக் கையால் மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். அப்போதும் அதே உணர்ச்சி தெரிகிறதா?

அந்தத் தோழர் இதோ பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் அவரிடம் பேசுங்கள். படம் எடுத்தபோது என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்டேன். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.