தீயின் நிழலும் சுவரின் சொரசொரப்பும்

போரினால் சிதைந்த ரொட்டர்டாம் நகரத் தெருவிலே ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. திரைக்கு வெளியே எங்கோ எரியும் தீ அதன் கதவிலே பளிச்சிடுகிறது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘பற்றில்ஃபீல்ட் 5’ என்னும் கணினி விளையாட்டின் காட்சி இது. அதற்கு முன்னர் இத்தகைய விளையாட்டுக்கள் பெரும்பாலும் திரையில் ஏற்கெனவே தெரிந்தவற்றையே பிரதிபலித்துக் காட்டின. அவ்வாண்டு வந்த வரைகலைச் சில்லுகளிலோ, ஒளிக்கதிர் எப்பொருளிற் படுகிறது என்று கணிப்பதற்கெனவே தனி உறுப்பு அமைந்திருந்தது.

ஆயினும் காலம் மிகக் குறுகியது. செக்கனுக்கு 60 படம் வேண்டுமெனின், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையிலே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. எனவே புள்ளிக்கு ஒரு கதிர் கிடைப்பதே பெரும்பேறு.

வண்டியின் மெருகிட்ட கதவுக்கு அந்த ஒரு கதிர் போதும். அது செல்லும் திசை ஒன்றே. ஈரமான கல்பாவிய தரையோ அப்படியன்று. அங்கே பட்ட கதிர் ஒரு கூம்புக்குள் எத்திசையிலும் தெறிக்கலாம். ஒரு புள்ளியின் கதிர் தீயிற் படும்; அடுத்ததன் கதிர் இருண்ட வானிற் படும். விளைவு, மிளகு தூவியது போன்ற இரைச்சல். இதனைப் போக்கும் வடிகட்டி, அயற்புள்ளிகளிடமும் முந்திய படங்களிடமும் கடன் வாங்கிச் சராசரி காண்கிறது; ஆழமும் பரப்பின் திசையும் ஒத்தவற்றிடமே வாங்குகிறது. கடன் அளவு மீறினால், தீ அணைந்த பின்னரும் அதன் சாயல் தரையிலே சற்றுநேரம் தங்கிநிற்கும். குறைத்தாலோ இரைச்சல் மீளும்.

பூச்சு உதிர்ந்த சுவரிலே கூம்பு மேலும் விரிகிறது. சிதறிய கதிர்கள் சில்லுக்குச் சுமையாகின்றன. இத்தனைக்கும் கிடைப்பது உருவந் தெரியாத மங்கல் நிறமே. செலவு மிகுமிடத்திலே பயன் மிகக் குறைவு என்பதே இதிலுள்ள வேடிக்கை. ஆகவே அவ்விடங்களிற் கதிரை விடுத்து, புரோப்புகளை நாடுகின்றனர். காட்சியின் சில இடங்களில் நின்று சுற்றுப்புறத்தை ஆறு திசைகளிலும் முன்கூட்டியே பதிந்து, பல படிகளில் மங்கலாக்கி வைத்த படங்களே புரோப்புகள்.

சொரசொரப்பை 0 முதல் 1 வரை அளப்பர். எல்லையை 0.6 எனக் கொண்டால், அங்கே திடீரென மாறாது, 0.4 முதற் கொண்டே கதிரின் விடையைக் குறைத்துப் புரோப்பின் விடையைக் கூட்டிச் செல்லவேண்டும். இன்றேல் சுவரில் ஒரு கோடு தெரியும்.

புரோப்புக்கும் ஒரு குறை உண்டு. அறையின் நடுவே பதிந்த படத்துக்கு அலுமாரியின் அடியிலுள்ள இருள் தெரியாது. ஆகையால் அங்குள்ள சுவர் காரணமின்றி ஒளிரும். எல்லையை 1 வரை உயர்த்தி மீண்டும் பார்த்தால், அவ்வொளி மறைகிறதா என்பது உடனே புலப்படும். மறைந்தால் தவறு புரோப்பினுடையது. அதன் பின்னர், அலுமாரிக்கு அருகே இன்னொரு புரோப்பை வைப்பதா, எல்லையைச் சற்றே உயர்த்திக் கதிர்ச்செலவை ஏற்பதா என்பது அந்தக் காட்சியைப் பொறுத்தது.