காசு போடாம கால் ஆப்ஷன்: புட் பக்கம் கேக்குற விலை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "மார்க்கெட் ஏறும்னு தோணுது, ஆனா கால் ஆப்ஷன் பிரீமியத்துக்குக் காசு போட மனசில்லை. வழி இருக்கா?" இருக்கு. பேரு ரிஸ்க் ரிவர்சல். கீழே ஒரு புட்டை விக்கிறோம், வர்ற பணத்துல மேலே ஒரு கால் வாங்குறோம். கைக்காசு கிட்டத்தட்ட பூஜ்யம்.

புட் விக்கிறதுன்னா என்ன? எங்க இராமேஸ்வரம் பக்கம் யோசிங்க. ஒரு இறால் வியாபாரி படகுக்காரர்கிட்ட, "விலை எவ்வளவு விழுந்தாலும் கிலோ 300 ரூபாய்க்கு நான் எடுத்துக்கிறேன், அந்த வாக்குக்கு இப்போ ஒரு சின்ன தொகை கொடுங்க"ன்னு சொல்றார்னு வைங்க. விலை விழலைன்னா அந்தத் தொகை லாபம். 150க்கு விழுந்தாலும் 300 கொடுத்துத்தான் ஆகணும். அந்த வியாபாரிதான் புட் வித்தவர்.

இப்போ நிஜமான ஒரு நாளை எடுப்போம். 2024 ஜூன் 3, திங்கள். எக்ஸிட் போல் வந்த உற்சாகத்துல நிஃப்டி 23,263.90ல முடிஞ்சது. மறுநாள் தேர்தல் முடிவு. ஏறும்னு நம்புற ஒருத்தர் ஜூன் 27 எக்ஸ்பைரியில 24,000 கால் வாங்கி, 22,300 புட்டை விக்கிறார். ரெண்டுக்கும் பிரீமியம் 180னு வைப்போம். பிரீமியம் எல்லாம் கணக்குக்காக நான் வைக்கிறது, நிஃப்டி எண்கள் நிஜம். அப்போ லாட் 25.

இங்க ஒண்ணு கவனிங்க. கால் சுமார் 740 பாயிண்ட் மேலே இருக்கு, புட் சுமார் 960 பாயிண்ட் கீழே இருக்கு. ஆனாலும் ஒரே விலை. இண்டெக்ஸ்ல சரிவுக்குப் பயந்து பாதுகாப்பு வாங்குறவங்க எப்பவும் அதிகம், அதனால கீழ்ப்பக்க புட் விலை கூடுதலாவே இருக்கும். இதைத்தான் ஸ்க்யூன்னு சொல்றாங்க. "புட்டைத் தூரமா வித்தேன், சேஃப்"னு தோணும். ஆனா விலை கூடுதலா கிடைக்கிறதே அந்தப் பக்கம் பயம் இருக்குறதாலதான்.

ஜூன் 4. நிஃப்டி 1,379 பாயிண்ட் விழுந்து 21,884.50ல முடிஞ்சது. நடுவுல 21,281 வரைக்கும் போச்சு. நம்ம புட் 180ல இருந்து 750 ஆச்சுன்னும், கால் 30க்கு வந்துச்சுன்னும் வைங்க. புட்ல 570, கால்ல 150, மொத்தம் 720 பாயிண்ட். 25ஆல பெருக்கினா 18,000 ரூபாய். பூஜ்யம் போட்ட டிரேடுல, ஒரே நாள்ல, ஒரே லாட்டுக்கு.

அதோட முடியலை. "பூஜ்யம்"ங்கிறது பிரீமியம் மட்டும்தான். புட் வித்ததுக்கு எக்ஸ்சேஞ்ச் மார்ஜின் கேக்கும். காண்ட்ராக்ட் மதிப்பு 22,300 பெருக்கல் 25, அதாவது 5,57,500 ரூபாய். மார்ஜின் அதுல பத்துல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ. வாங்கின கால், புட்டோட நஷ்டத்தைத் தடுக்காது, அதனால மார்ஜினையும் பெருசா குறைக்காது. மார்க்கெட் ஆட ஆட மார்ஜினும் ஏறும். நஷ்டமும் மார்ஜினும் சேர்ந்து ஏறுறப்போ அக்கவுண்ட்ல பணம் இல்லன்னா, புரோக்கரே பொசிஷனை மூடிடலாம், அதுவும் ரொம்ப மோசமான விலையில.

இப்போ கதையோட முக்கியமான இடம். நிஃப்டி ஜூன் 7லயே 23,290க்குத் திரும்பிடுச்சு. எக்ஸ்பைரி நாள் ஜூன் 27ல 24,044.50ல முடிஞ்சது. நம்மாளு நினைச்சது சரி! புட் பூஜ்யம், கால்ல 44.50 பாயிண்ட். லாபம் 1,112 ரூபாய் 50 பைசா. இதை வாங்க நடுவுல 18,000 நஷ்டத்தைத் தாங்கி நிக்கணும். ஜூன் 4லயே வெளிய தள்ளப்பட்டவருக்கு அவர் கணிப்பு சரியா இருந்தும் பிரயோஜனமில்லை.

அப்போ என்ன பண்ணலாம்? 21,500 புட் ஒண்ணையும் வாங்கிடலாம். விலை 75னு வைங்க, 1,875 ரூபாய் கைக்காசு போகும். ஆனா எக்ஸ்பைரியில அதிகபட்ச நஷ்டம் 800 கூட்டல் 75 பாயிண்ட், 21,875 ரூபாயோட நிக்கும். மார்ஜினும் நல்லா குறையும். "ஜீரோ காஸ்ட்"ங்கிற அழகு போயிடும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. 2024 நவம்பர்ல புது காண்ட்ராக்ட்டுகளுக்கு லாட் 75 ஆச்சு. அந்த அளவுல அதே சரிவு 54,000 ரூபாய். அதனால புட்டை விக்கிறதுக்கு முன்னாடி உங்களையே கேளுங்க: இந்த விலையில ஒரு லாட்டை முழுசா வாங்கிக்கச் சொன்னா வாங்குவேனா? இல்லன்னா அந்தக் கால் ஓசி இல்லை.

அடுத்த எபிசோடுல ஸ்க்யூவை எப்படிப் படிக்கிறதுன்னு பேசுவோம்.