ஒருவருக்குக் கீழே எத்தனை பேர்?



இந்த நாட்டுக்கு வந்த புதிதில் துப்புரவு வேலையில் சேர்ந்த எங்கள் ஆட்கள் பலர் இன்று மேற்பார்வையாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் என்னிடம் சொன்னார்: "அண்ணை, முந்தி எனக்குக் கீழே எட்டுப் பேர். இப்ப பதினாறு பேர். சம்பளம் கொஞ்சம் கூட்டினவை. ஆனால் வீட்டுக்கு வர இரவு பத்து மணியாகுது."

ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே நேரடியாக வேலை செய்பவர்களின் எண்ணிக்கையை முகாமைத்துவத்தில் கட்டுப்பாட்டு வீச்சு என்பார்கள். இதை ஒரு கணக்கு மூலம் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தில் 64 துப்புரவுத் தொழிலாளர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒருவர் என்றால் 16 மேற்பார்வையாளர் வேண்டும். அந்த 16 பேரைப் பார்க்க 4 முகாமையாளர், அவர்களுக்கு மேல் ஒரு தலைவர். மொத்தம் 21 பேர், மூன்று படிகள். எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் 8 மேற்பார்வையாளரும் ஒரு தலைவரும் போதும். மொத்தம் 9 பேர், இரண்டே படிகள்.

நிறுவனத்துக்கு 12 சம்பளம் மிச்சம். தொழிலாளி சொல்வதும் தலைவரின் காதுக்கு விரைவாகப் போய்ச் சேரும். இது நன்மைதான். ஆனால் அந்த 12 பேர் செய்த வேலை எங்கே போனது? படிக்குப் படி அறிக்கை எழுதும் வேலை இல்லாமல் போனது. மிகுதி வேலை அந்த எட்டு மேற்பார்வையாளரின் தலையில் ஏறியது.

வேலை பிரித்துக் கொடுப்பது, தளத்தைச் சரிபார்ப்பது, லீவு, குறை கேட்பது என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 நிமிடம் வைப்போம். நான்கு பேருக்கு 100 நிமிடம், எட்டுப் பேருக்கு 200 நிமிடம், பதினாறு பேருக்கு 400 நிமிடம். எட்டு மணித்தியால வேலைநாள் என்பது 480 நிமிடம்தான். மிஞ்சும் 80 நிமிடத்துக்குள் சாமான் எடுப்பிக்க வேண்டும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், சாப்பிடவும் வேண்டும்.

இன்னொன்று, ஆட்களுக்கு இடையே வரும் பிணக்கு. நான்கு பேருக்குள் 6 சோடிகள்தான் உண்டு. எட்டுப் பேருக்குள் 28, பதினாறு பேருக்குள் 120. ஆள் இரண்டு மடங்காகும்போது உறவுகள் நாலு மடங்குக்கு மேல் பெருகுகின்றன. இந்தப் பெருக்கத்தை 1933இலேயே கிரைக்கூனாஸ் என்பவர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்.

அப்படியானால் சரியான எண்ணிக்கை எது? எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. ஒரே கட்டடம், ஒரே மாதிரி வேலை, பழகிய ஆட்கள் என்றால் பதினாறு பேரையும் சமாளிக்கலாம். ஐந்து கட்டடங்களில் சிதறிய புது ஆட்கள் என்றால் எட்டே அதிகம்.

வீச்சு கூடிவிட்டதை எப்படி அறிவது? தளத்தைப் பார்க்காமலே சரிபார்ப்புத் தாளில் கையெழுத்து விழும். லீவுக் கடிதம் நாள்கணக்கில் பதிலின்றிக் கிடக்கும். பிழை விட்டவரோடு மட்டுமே கதைக்க நேரமிருக்கும்.

அதனால், "இன்னும் எட்டுப் பேரைப் பாருங்கோ" என்று மேலிடம் கேட்டால், முதலில் ஒரு கிழமைக்கு உங்கள் நிமிடங்களைக் குறித்து வையுங்கள். எந்த வேலையை என்னிடமிருந்து எடுப்பீர்கள் என்று அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.